5,000 ரூபாய் போட்டால் 4,237 தான் காட்டுகிறதா?

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில் ஒரு மரச்சாமான் கடை என்று வைத்துக்கொள்வோம். பொங்கல் விற்பனைக்காக கீரனூர், புதுக்கோட்டை, திருச்சி மக்களின் போனில் தெரியும்படி ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுக்கிறார் கடைக்காரர். நாளுக்கு 500 ரூபாய் வீதம், போகி வரை பத்து நாள். கணக்கில் 5,000 ரூபாய் போடுகிறார். ஆனால், ஒன்பதாவது நாளே விளம்பரம் நின்றுபோகிறது. கூட்டம் வரும் நேரத்தில் கடை யார் கண்ணிலும் படவில்லை!

பணம் எங்கே போனது? விளம்பரத்துக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு. முன்பணம் கட்டும் முறையில், போடும் தொகைக்குள்ளேயே அந்த வரியும் அடக்கம். 5,000-ஐ 1.18-ஆல் வகுத்தால் 4,237 ரூபாய் 29 காசு. விளம்பரத்துக்குக் கிடைப்பது அவ்வளவுதான். மீதி 762 ரூபாய் 71 காசு வரி. முழுதாக 5,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓட வேண்டுமென்றால், 5,900 கட்ட வேண்டும்.

இன்னொரு முறையில் விளம்பரம் முதலில் ஓடும், பணம் பிறகு எடுக்கப்படும். செலவு ஒரு வரம்பைத் தொட்டதும் கார்டிலிருந்து பணம் போகும். வரம்பு 2,000 என்றால், வரியோடு 2,360 போகும். வரம்பைத் தொடாவிட்டாலும், மாதத்தில் ஒரு தேதியில் பாக்கியை எடுத்துவிடுவார்கள். புதுக் கணக்குக்கு வரம்பு சிறியது. ஒழுங்காகக் கட்டினால் உயரும். வங்கியில் பணம் இல்லாமல் ஒருமுறை தவறினால், பாக்கியைக் கட்டும்வரை விளம்பரம் நிற்கும்.

சரி, அந்த 762 ரூபாய் போனது போனதுதானா? கடை வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருந்தால், திரும்பப் பிடிக்கலாம். மரச்சாமான் விற்பனையில் கட்டவேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு, விளம்பரக் கணக்கின் பில்லிங் பகுதியில் கடையின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு எண் என்றால் 33-ல் தொடங்கும்.

பல கடைகளில் சறுக்குவது இங்கேதான். மகன் தன் போனில், தன் பெயரில் விளம்பரம் போடுவார். கார்டு அப்பாவுடையது, இன்வாய்ஸ் மகன் பெயரில் வரும். கடையின் எண் இல்லாத இன்வாய்ஸை வைத்து வரியைக் கழிக்க முடியாது. எண்ணைப் பிறகு சேர்த்தாலும், பழைய இன்வாய்ஸ்கள் தானாக மாறாது.

பணம் கட்டியதும் வரும் ரசீது வேறு, வரி இன்வாய்ஸ் வேறு. கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், வரித்தொகை மூன்றும் இருக்கும் இன்வாய்ஸைத்தான் மாதாமாதம் டவுன்லோடு செய்து வைக்க வேண்டும். அடுத்த மாதம் ஜி.எஸ்.டி. தளத்தில் GSTR-2B பட்டியலைத் திறந்து பாருங்கள். அந்த இன்வாய்ஸ் அதில் இருந்தால் கழிக்கலாம். இல்லையென்றால், முதலில் விளம்பரக் கணக்கில் கொடுத்த எண்ணைச் சரிபாருங்கள்.

பதிவு இல்லாத கடைகளுக்கும், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இந்தக் கழிவு கிடையாது. அவர்களுக்கு 500 ரூபாய் விளம்பரத்தின் உண்மையான விலை 590 ரூபாய். பட்ஜெட்டை அந்தக் கணக்கில் போட்டால், போகியன்றும் விளம்பரம் ஓடும்.