மேலடுக்கு பாலிசி எப்போது பணம் தரும்?

இயக்குநர் குழுவின் மேஜைக்கு வரும் காப்பீட்டுக் குறிப்பில் பெரும்பாலும் ஒரு தொகைதான் கண்ணில் படும்: மொத்தம் இத்தனை கோடிக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று. தொகை சரிதான். ஆனால் அது ஒரே இடத்திலிருந்து வரும் பணம் இல்லை.

பெரிய தொகைக்கான பொறுப்பை ஒரே இன்சூரன்ஸ் கம்பெனி தலையில் போட்டுக்கொள்ளத் தயங்கும். அதனால் முதல் 20 மில்லியன் டாலர் வரை ஒருவர், அதற்கு மேல் இன்னொருவர் என்று பாலிசிகளை அடுக்கடுக்காக வாங்குகிறார்கள். கீழே இருப்பது முதன்மைப் பாலிசி. அதன் தொகை தீர்ந்த பிறகுதான் மேலடுக்கு வேலை செய்யத் தொடங்கும். யார் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பதில்தான் கம்பெனிகள் மாட்டிக்கொள்கின்றன.

அமெரிக்காவின் கோமெரிக்கா வங்கிக்கு அதுதான் நடந்தது. பங்குதாரர் வழக்குகளை வங்கி 21 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. முதன்மைப் பாலிசி 20 மில்லியனுக்கு இருந்தது. ஆனால் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியுடன் தகராறு ஏற்பட்டு, கடைசியில் 14 மில்லியன்தான் கிடைத்தது. மீதி 6 மில்லியனை வங்கியே போட்டது. 20 நிறைந்துவிட்டதே, இனி உங்கள் முறை என்று மேலடுக்குக் கம்பெனியைக் கேட்டது. 2007-ல் மிச்சிகன் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கீழே உள்ள காப்பீட்டாளரே முழுத் தொகையையும் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் மேலடுக்குப் பாலிசியின் நிபந்தனை என்று தீர்ப்பளித்தது.

1928-ல் வேறொரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. கீழடுக்கில் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டவரும், கீழடுக்கின் முழு வரம்பையும் தாண்டிய நஷ்டத்தை மேலடுக்கில் கேட்கலாம் என்றது. அந்தப் பாலிசியின் வாசகம் அவ்வளவு கறாராக இல்லை. இரண்டு தீர்ப்புகளும் ஒரு வாக்கியத்தைச் சுற்றியே நிற்கின்றன. அந்த வாக்கியம் குறிப்பில் இடம்பெறாமல் போவதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

ஆகவே ஒவ்வொரு அடுக்குக்கும் நேராக, அது எந்தத் தொகையில் தொடங்கி எதில் முடிகிறது என்பதோடு, யார் பணம் கொடுத்தால் கீழடுக்கு தீர்ந்ததாகும் என்பதையும் எழுத வேண்டும். வக்கீல் செலவு அந்த வரம்புக்குள்ளேயே அடங்குகிறதா என்றும் சொல்ல வேண்டும். அடங்கினால், 20 மில்லியனில் வழக்குச் செலவுக்கு 3 போன பிறகு சமரசத்துக்கு 17தான் மிஞ்சும். இயக்குநர் பொறுப்புப் பாலிசிகளில் இது வழக்கம்.

"காப்பீட்டாளரோ கம்பெனியோ, யார் செலுத்தினாலும் கீழடுக்கு தீர்ந்ததாகும்" என்ற வாசகத்தை இப்போது பல மேலடுக்குக் காப்பீட்டாளர்கள் ஏற்கிறார்கள். புதுப்பிக்கும் நேரத்தில் தரகரிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கு வந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.