உங்களுக்குத் தெரியுமா? டேட்டா ஒருமையா, பன்மையா?

'ஆடு மேய்ந்தது', 'ஆடு மேய்ந்தன' இரண்டும் சரி. பெயர் மாறவில்லை, ஒன்றா பலவா என்பதை வினைமுற்றே சொல்லிவிடுகிறது. இதைத் தமிழ் இலக்கணம் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. ஆங்கிலத்தின் 'ஷீப்'பும் இப்படித்தான். ஓர் ஆடும் ஷீப், பத்து ஆடும் ஷீப். பழைய ஆங்கிலத்தில் இவ்வகைச் சொற்கள் சில, எழுவாயாக வரும்போது பன்மை விகுதி ஏற்கவில்லை; அந்த வழக்கின் மிச்சம் இது.

'கிரைட்டீரியா', 'டேட்டா' அப்படியல்ல. இரண்டும் பிறப்பிலேயே பன்மை. கிரேக்க வழிவந்த கிரைட்டீரியாவின் ஒருமை 'கிரைட்டீரியன்'. லத்தீன் வழிவந்த டேட்டாவின் ஒருமை 'டேட்டம்'.

ஆனால் இவற்றின் பாதை பிரிந்துவிட்டது. டேட்டா இன்று தண்ணீரைப் போல எண்ண முடியாத மொத்தமாகப் புழங்குகிறது. அதனால் 'டேட்டா இஸ்' என்பதை அகராதிகளும் ஏற்கின்றன; ஆய்விதழ்கள் பலவற்றில் 'டேட்டா ஆர்' இன்னும் உண்டு. கிரைட்டீரியா குறிக்கும் நிபந்தனைகளையோ ஒன்று, இரண்டு என எண்ணுகிறோம். அதனால் 'ஒன் கிரைட்டீரியா' என்பது திருத்தமான எழுத்தில் இன்றும் பிழை. தகுதி நிபந்தனை ஒன்றே என்றால் 'கிரைட்டீரியன்' என்றே எழுதுங்கள். 'கிரைட்டீரியாஸ்' எங்கும் வேண்டாம்.