மழை பெய்யும் மலைக்கு எந்த ஜாக்கெட்?

உத்தராகண்டின் பூக்கள் பள்ளத்தாக்குக்குப் போக ஜூலை, ஆகஸ்ட்தான் சரியான காலம். பூக்கள் நிறைந்திருக்கும் அந்த மாதங்களில்தான் பருவமழையும் விடாமல் பெய்யும். அங்கே போகிற பலர், கடையில் இருப்பதிலேயே விலை கூடிய டவுன் ஜாக்கெட்டை வாங்கிச் செல்கிறார்கள். அந்த ஊருக்கு அது பொருந்தாது.

டவுன் என்பது வாத்தின் நெஞ்சில், மேல் இறகுகளுக்கு அடியில் வளரும் மென்தூவி. ஒவ்வொரு தூவியும் எல்லாப் பக்கமும் நுண்ணிழைகளை விரித்து, நடுவே காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது. நம்மைக் குளிரிலிருந்து காப்பது அந்தக் காற்றுதான். ஈரம் பட்டால் இழைகள் நனைந்த தலைமுடிபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

சிந்தெடிக் ஜாக்கெட்டில் இருப்பது பாலியஸ்டர் இழை. அந்த இழைக்குள் தண்ணீர் ஏறுவதே இல்லை எனலாம்; இடுக்குகளில் மட்டும் தங்கும். நனைந்தாலும் இழை விறைப்பாக நிற்பதால் ஜாக்கெட்டின் உப்பல் பெரும்பாலும் குறையாது. இதுவும் ஈரத்தில் குளிரத்தான் செய்யும். ஆனால் நன்றாகப் பிழிந்து உதறிப் போட்டுக்கொண்டால் உடல் சூட்டிலேயே காயத் தொடங்கிவிடும்.

மழை கோட்டு இருக்கிறதே, டவுன் எப்படி நனையும் என்று கேட்கலாம். ஈரம் உள்ளிருந்தும் வருகிறது. காங்கரியா முகாம் சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை கோட்டுக்குள் வியர்த்தபடி அங்கே ஏறிச் சேர்கிறோம். குளிர் தாங்காமல் ஈரச் சட்டைமேல் டவுனை மாட்டுகிறோம். சட்டையின் ஈரம் ஆவியாகித் தூவிக்குள் இறங்குகிறது. மறுநாளும் வெயில் இல்லை, காற்றிலும் ஈரம் நிறைந்திருக்கிறது; ஜாக்கெட் காய வழியே இல்லை. இரண்டு, மூன்று நாளில் ஈரம் சேர்ந்துவிடும். தோள்பட்டையில் தனியாகக் குளிர் தெரிந்தாலோ, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது தூவி கட்டிகட்டியாகத் தெரிந்தாலோ ஈரம் ஏறிவிட்டது என்று அறியலாம். தூங்கும் பைக்கும் இதே கதிதான். தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுத்த டவுனும் உண்டு. அது நனைவதைத் தாமதப்படுத்துமே தவிர, தொடர்மழையில் தடுக்காது.

இதனால் டவுனை மட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே எடைக்கு அதிகச் சூடு தருவது அதுதான். பைக்குள் சிறிதாகச் சுருங்கும். பேணினால் பல ஆண்டுகள் உழைக்கும். சிந்தெடிக்கோ, அழுத்தி அழுத்தி மடிக்க நாளடைவில் உப்பலை இழக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழையே பெறும் லே போன்ற வறண்ட இடத்துக்கு டவுனே சிறந்தது.

பருவமழைக் காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் சிந்தெடிக் ஜாக்கெட்டையே எடுத்துச் செல்லுங்கள். கையில் டவுன்தான் இருக்கிறது என்றால், அதை நீர் புகாத பையில் வைத்திருந்து, முகாமில் ஈர உடைகளை மாற்றிய பிறகு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.