கடைசி ஓவர் ஜோகிந்தருக்கு... தோனி போட்டது மாஸ்டர் ப்ளானா, வெறும் லக்கா?

2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க். முதல் டி20 உலகக் கோப்பையின் இறுதிப்போட்டி. கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவை, கையில் இருப்பதோ ஒரே விக்கெட். ஆனால் களத்தில் மிஸ்பா உல் ஹக். பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார் தோனி. வைடு, டாட், சிக்ஸர். அடுத்து மிஸ்பா பின்பக்கமாகத் தூக்கிவிட்ட பந்து ஸ்ரீசாந்த் கையில் போய் விழ, 5 ரன் வித்தியாசத்தில் இந்தியாவுக்குக் கோப்பை.

"தோனி மூளையே மூளை" என்று இன்றும் பேசுகிறோம். சரி, அந்தப் பந்து ஸ்ரீசாந்தைத் தாண்டி பவுண்டரிக்குப் போயிருந்தால்? 3 பந்தில் 2 ரன் போதும். மேட்ச் கிட்டத்தட்ட முடிந்த கதை. "ஹர்பஜன் இருக்கும்போது புதுப் பையனிடம் யாராவது கொடுப்பாங்களா?" என்று அதே வாய்தான் திட்டியிருக்கும். தோனி எடுத்த முடிவில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது பந்து போன தூரம் மட்டுமே.

இரண்டு கோளாறுகள்

இதில் இரண்டு தவறுகள் கலந்திருக்கின்றன. முதலாவது, நடந்த பிறகு "இது அப்பவே தெரிஞ்சதுதானே" என்று தோன்றுவது. பின்னோக்குச் சார்பு என்கிறார்கள். இரண்டாவது விளைவுச் சார்பு: முடிவெடுத்தவருக்கு அன்று என்ன தெரியும் என்று நமக்குத் தெரிந்திருந்தும், ரிசல்ட்டைப் பார்த்தே மார்க் போடுவது. உளவியலாளர்கள் பேரனும் ஹெர்ஷியும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சை செய்வதென்ற டாக்டரின் முடிவை மதிப்பிடச் சொன்னார்கள். தகவல்கள் ஒன்றே. ஆனாலும் நோயாளி பிழைத்ததாகச் சொன்னபோது டாக்டருக்கு அதிக மார்க், இறந்ததாகச் சொன்னபோது குறைவு.

அன்று தோனிக்குத் தெரிந்தது என்ன?

எனவே ரிசல்ட்டை மூடி வைத்துவிட்டுப் பார்க்கலாம். ஆர்.பி.சிங், ஸ்ரீசாந்த், இர்பான் பதான் மூவருக்கும் 4 ஓவர் முடிந்துவிட்டது. ஹர்பஜனுக்கு ஒரு ஓவர் பாக்கி. ஆனால் 3 ஓவரில் 36 ரன் கொடுத்திருந்தார். 17-வது ஓவரில் அவரை 3 சிக்ஸர் விளாசியது இதே மிஸ்பாதான். ஜோகிந்தரோ 3 ஓவரில் 13 ரன்தான் கொடுத்திருந்தார், ஒரு விக்கெட்டும் எடுத்திருந்தார்.

ஆஸ்திரேலியாவுடனான அரையிறுதியில் கடைசி ஓவர் போட்டதும் ஜோகிந்தர்தான் என்பார்கள். அதைப் பெரிய ஆதாரமாக எடுக்க முடியாது. அங்கே எதிரணிக்கு 22 ரன் தேவைப்பட்டது, வேலை சுலபம்.

ஆக, தோனியின் தேர்வு நியாயமானது. தோற்றிருந்தாலும் நியாயமானதாகவே இருந்திருக்கும். அதற்காக அதிசய முடிவு என்றும் சொல்லிவிட முடியாது. அனுபவமா, அன்றைய ஃபார்மா என்ற இரண்டில் ஒன்றைப் பிடித்தார், அவ்வளவே.

அப்போ ரிசல்ட்டே வேண்டாமா? வேண்டும், ஆனால் ஒன்று போதாது. ஒரே கேப்டன் இதுபோல ஐம்பது கடைசி ஓவர்களைக் கொடுத்து, பெரும்பாலானவற்றில் தோற்றால், அவர் பவுலரைத் தேர்ந்தெடுக்கும் விதத்தையே சந்தேகிக்கலாம். மிஸ்பாவின் அந்த ஒரு ஷாட்டை வைத்து அல்ல.