கோடையில் இரண்டரை, குளிரில் ஒன்றரை

சென்னையில் ஜூலை மாத இரவு 8:15. நியூ ஜெர்சியில் அப்போது என்ன நேரம்? அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும், அங்குள்ள நிறுவனங்களோடு சேர்ந்து வேலை பார்க்கும் அலுவலகங்களிலும் நாள் தவறாமல் எழும் கேள்வி இது. பெரும்பாலோர் விரல் விட்டு எண்ணுகிறார்கள். ஏழேகால், ஆறேகால், ஐந்தேகால் என்று ஒன்பது விரல் மடங்கியபின் அரை மணி நேரம் பாக்கி நிற்கும். அதைக் கூட்டுவதா, கழிப்பதா என்று குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள்.

கைபேசியில் உலகக் கடிகாரம் இருக்கிறதே என்று தோன்றலாம். அது இந்த நிமிடம் அங்கே என்ன நேரம் என்பதைத்தான் உடனே காட்டும். "வர்ற வெள்ளிக்கிழமை மதியம் மூணே முக்காலுக்குக் கூப்பிடட்டுமாம்மா?" என்று மகள் கேட்கும்போது அம்மாவுக்குத் தேவைப்படுவது அந்த நிமிட நேரம் அல்ல. அதற்குப் பதில் சொல்ல மனக்கணக்குதான் சட்டென்று உதவும். அந்தக் கணக்கை இரண்டே நொடியில் முடிக்க ஒரு வழி இருக்கிறது.

கணக்கைக் கடினமாக்குவது நம் அரை மணி நேரம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. இந்தியா தன் பொது நேரத்துக்கு 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது; அது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்கிறது. 82.5-ஐ 15-ஆல் வகுத்தால் ஐந்தரை. 1906-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டால்தான் நாம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். இலங்கையும் இன்று இதே நேரத்தில்தான் இருக்கிறது. நியூயார்க், நியூ ஜெர்சி, பாஸ்டன், அட்லாண்டா, கனடாவின் டொராண்டோ ஆகியவை அடங்கிய கிழக்கு நேர மண்டலம் கோடையில் உலகப் பொது நேரத்துக்கு நான்கு மணி பின்னால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் இடைவெளி ஒன்பதரை மணி.

ஒன்பதரையைக் கழிப்பது சிரமம். ஆனால் ஒன்பதரை என்பது பன்னிரண்டில் இரண்டரை குறைவு. பன்னிரண்டு மணி பின்னால் போவதற்குக் கணக்கே வேண்டாம். கடிகாரத்தில் எண் மாறாது, பிஎம் என்பது ஏஎம் ஆகும், அவ்வளவுதான். எனவே விதி இது: இந்திய நேரத்தைப் பன்னிரண்டு மணி பின்னால் புரட்டு, பிறகு இரண்டரையைக் கூட்டு. சென்னையில் இரவு 8:15 என்றால், புரட்டினால் காலை 8:15. இரண்டரை கூட்டினால் 10:45. நியூ ஜெர்சியில் காலை பத்தே முக்கால், விரல் எதுவும் மடக்காமல் விடை வந்துவிட்டது.

அங்கிருந்து இங்கே வரும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் இரண்டரையைக் கழித்துவிட்டு, பன்னிரண்டு மணி முன்னால் புரட்ட வேண்டும். மகள் கேட்ட வெள்ளி மதியம் 3:45-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டரை போனால் மதியம் 1:15. அதை முன்னால் புரட்டினால் நள்ளிரவு தாண்டி 1:15, அதாவது கும்பகோணத்தில் சனிக்கிழமை பிறந்து ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருக்கும். மகளுக்கு வசதியான அந்த நேரத்தில் அம்மா ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார். "அது எனக்கு நடுராத்திரிம்மா, காலையில எழுந்ததும் கூப்பிடு" என்று அம்மா அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

பலர் சறுக்குவது நேரத்தில் அல்ல, கிழமையில். புரட்டும்போதே கிழமையையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் இதற்கு மருந்து. இந்தியாவில் செவ்வாய் மாலையைப் பின்னால் புரட்டினால் செவ்வாய் காலை. செவ்வாய் காலையைப் பின்னால் புரட்டினால் திங்கள் இரவு. செவ்வாய் காலை 7 மணி திங்கள் இரவு 7 ஆகி, இரண்டரை கூட்டியபின் திங்கள் இரவு 9:30 ஆகிறது. செவ்வாய் முற்பகல் 11 மணி திங்கள் இரவு 11 ஆகிறது. அதோடு இரண்டரை கூட்டும்போது நள்ளிரவைத் தாண்டி, செவ்வாய் அதிகாலை 1:30-இல் வந்து நிற்கிறது. கிழமை தானாகவே சரியாகிவிடும்.

விடையைச் சரிபார்க்க ஒரே ஒரு ஜோடியை நினைவில் வைத்தால் போதும்: இங்கே ஒன்பதரை, அங்கே பன்னிரண்டு. இந்தியாவில் காலை 9:30 ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு பன்னிரண்டு அடித்துத் தேதி மாறுகிறது. அதற்கு முன் இங்கே எத்தனை மணியாக இருந்தாலும் அங்கே நேற்றைய தேதிதான். ஜூலையில் பிறந்த பேரனுக்கு முதல் ஆளாக வாழ்த்துச் சொல்ல நினைக்கும் பாட்டி, இந்திய நள்ளிரவுக்குக் கண்விழித்துக் கூப்பிட்டால், அங்கே பிறந்தநாளுக்கு முந்தைய நாள் மதியம் 2:30 தான் ஆகியிருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்து, காப்பி குடித்துவிட்டு, ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் சரியாக அங்கே பிறந்தநாள் தொடங்கும் நேரம். இரவு 9:30 என்றால் அங்கே நண்பகல்.

இதுவரை சொன்னது கோடைக் கணக்கு. அமெரிக்கா ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் திருத்துகிறது. 2007 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3-க்குத் தாவுகிறது. நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு ஒரு மணிக்குத் திரும்புகிறது. இந்தியா மாறுவதில்லை. ஆகவே குளிர்காலத்தில் இடைவெளி பத்தரை மணியாகிறது. பத்தரை என்பது பன்னிரண்டில் ஒன்றரை குறைவு. புரட்டுவது அப்படியே இருக்கும், கூட்டும் எண் மட்டும் இரண்டரைக்குப் பதில் ஒன்றரை. சரிபார்க்கும் ஜோடியும் 'பத்தரைக்குப் பன்னிரண்டு' என்று மாறும். கோடையில் இரண்டரை, குளிரில் ஒன்றரை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 'கோடை' என்பது இங்கே அமெரிக்கக் கடிகாரத்தின் கோடை. அது மார்ச் பாதியிலிருந்து அக்டோபர் முடியும்வரை, அதாவது ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் நீள்கிறது.

மாறும் வாரத்தில் என்ன நடக்கிறது என்பதை ஓர் அலுவலகத்தில் பார்ப்போம். நியூயார்க்கில் தினமும் காலை 9 மணிக்கு ஒரு கூட்டம். சென்னைக் குழு அதில் இணையம்வழி கலந்துகொள்கிறது. 2026 மார்ச் 6, வெள்ளிக்கிழமை. ஒன்பதிலிருந்து ஒன்றரை போனால் ஏழரை, புரட்டினால் சென்னையில் இரவு 7:30. மார்ச் 8, ஞாயிறு பகல் 12:30-க்கு, சென்னை மதியச் சாப்பாட்டுக்குத் தயாராகும் வேளையில், அங்கே கடிகாரம் தாவுகிறது. திங்கட்கிழமை அதே 9 மணியிலிருந்து இரண்டரையைக் கழிக்க வேண்டும். கூட்டம் மாலை 6:30-க்கே தொடங்கிவிடும். வழக்கம்போல ஏழரைக்கு இணைபவர் ஒரு மணி நேரம் தாமதம்.

அதே கூட்டத்தைச் சென்னைக்காரர் தன் நாட்காட்டியில் இந்திய நேரப்படி இரவு 7:30 என்று போட்டு அழைப்பு அனுப்பியிருந்தால் நிலைமை வேறு. சென்னையில் எதுவும் மாறாது. நியூயார்க் குழுவுக்குத்தான் 9 மணிக் கூட்டம் 10 மணியாகிவிடும். ஆகவே மார்ச்சிலும் நவம்பரிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கூட்டம் யாருடைய கடிகாரத்தில் கட்டப்பட்டிருக்கிறது?

எழுத்தில் வரும் சுருக்கப் பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. கிழக்கு மண்டலத்தின் குளிர்கால நேரத்துக்கு EST என்று பெயர், கோடை நேரத்துக்கு EDT. அமெரிக்கர்களே பலர் ஆண்டு முழுவதும் EST என்றுதான் எழுதுகிறார்கள். ஜூலை மாத மின்னஞ்சலில் '10 AM EST' என்று இருந்தால், சொல்லுக்குச் சொல் பார்த்தால் இந்திய நேரம் இரவு 8:30. அனுப்பியவர் மனதில் இருப்பது பெரும்பாலும் இரவு 7:30. விமான நேரம், நேர்காணல், தேர்வு போன்ற முக்கியமானவற்றில் "நியூயார்க்கில் அன்று காலை பத்து மணியா?" என்று ஒரு வரி கேட்டுவிடுவது நல்லது. எழுதுபவர் ET என்று மட்டும் குறித்தால் இந்தக் குழப்பம் எழாது. பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசி நேரம் டிசம்பர் 1, 11:59 PM ET என்று இருந்தால், குளிர்காலக் கணக்குப்படி இந்திய மாணவருக்கு டிசம்பர் 2 காலை 10:29 வரை அவகாசம் இருக்கிறது.

மற்ற ஊர்களுக்கும் புரட்டல் ஒன்றுதான், திருத்தும் எண் மட்டும் மாறும். டல்லஸ், ஹூஸ்டன், சிகாகோ நகரங்களுக்குக் கோடையில் ஒன்றரை, குளிரில் அரை கூட்ட வேண்டும். கலிஃபோர்னியாவுக்குக் கூட்டல் இல்லை. கோடையில் அரை, குளிரில் ஒன்றரை கழிக்க வேண்டும். தினமும் பேசுவது எந்த ஊரோ அந்த ஊருக்கான இரண்டு எண்களை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

லண்டனில் உறவினர் இருப்பவர்களுக்கு எண்கூட வேண்டாம், முள் கடிகாரம் ஒன்று இருந்தால் போதும். இந்திய நேரம் காட்டும் கைக்கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் லண்டனின் குளிர்கால நேரம் தெரியும். மாலை 4 மணிக்குத் திருப்பினால் சின்ன முள் பத்தின் இடத்திலும் பெரிய முள் ஆறின் இடத்திலும் நிற்கும்: காலை 10:30. அரைச்சுற்றில் சின்ன முள் ஆறு மணி நகர்கிறது, பெரிய முள் முப்பது நிமிடம் நகர்கிறது. ஆறு மணி பின்னால் போய் அரை மணி முன்னால் வந்தால் நமக்கும் லண்டனுக்கும் இடையிலுள்ள ஐந்தரை மணி. சின்ன முள் மட்டும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து அரை மணி தள்ளி நிற்கும் என்பதால், அதற்கு மிக அருகில் உள்ள எண்ணையே மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கோடையில் கிடைக்கும் விடையோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். பிரிட்டனில் அந்த மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு முடிகிறது. அமெரிக்கத் தேதியும் பிரிட்டன் தேதியும் வெவ்வேறு என்பதை இரு நாட்டோடும் பேசுபவர்கள் மறக்கக் கூடாது.

விதியை ஒருமுறை பழகியபின் தவறு நேரக்கூடிய நாட்கள் ஆண்டில் இரண்டுதான். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் அவற்றை இப்போதே குறித்துவையுங்கள். அமெரிக்க விதி மாறாதவரை, 2026-இல் அவை மார்ச் 8, நவம்பர் 1. 2027-இல் மார்ச் 14, நவம்பர் 7.