‘டக்’கென்று முறிய வேண்டும்

நல்ல சாக்லேட் பாரை இரண்டாக முறித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். முறிந்த விளிம்பு நேராக, கூர்மையாக இருக்கும். தூள் அதிகம் உதிராது. அதே கம்பெனியின் இன்னொரு பாரை வேறொரு கடையில் வாங்கி முறித்தால் சத்தமே இல்லாமல் வளைந்து பிய்யும், அல்லது மணல்போலப் பொலபொலவென்று உதிரும். இரண்டிலும் சேர்ந்திருக்கும் பொருள்கள் ஒன்றுதான். வேறுபடுவது உள்ளே இருக்கும் கொழுப்பு எப்படி உறைந்திருக்கிறது என்பது மட்டுமே.

அந்தக் கொழுப்பின் பெயர் கொக்கோ வெண்ணெய். கொக்கோ கொட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி இதுதான். உருக்கிய கொக்கோ வெண்ணெய் குளிரும்போது படிகமாக மாறுகிறது. ஒரே விதமான படிகமாக அல்ல, ஆறு விதமாக. 1966-ல் வில், லட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஆறையும் வரிசைப்படுத்தி ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்தார்கள். எண் கூடக்கூடப் படிகத்தின் அடுக்கு நெருக்கமாகிறது, உருகும் வெப்பநிலையும் ஏறுகிறது. முதல் வகை சுமார் 17 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நான்காவது வகை 27, 28 டிகிரியில் இளகும். ஐந்தாவது வகை உருக 34 டிகிரி வரை வேண்டும்.

சாக்லேட் செய்கிறவர்களுக்கு வேண்டியது அந்த ஐந்தாவது வகை. மூலக்கூறுகள் இடைவெளி விடாமல் கட்டிய செங்கல் சுவர்போல நெருங்கியிருப்பதால் பார் இறுக்கமாக இருக்கிறது; முறிக்கும்போது வளையாமல் ஒரே வீச்சில் பிளக்கிறது. மேற்பரப்பு பளபளக்கிறது. குளிரும்போது கொஞ்சம் சுருங்குவதால் அச்சைக் கவிழ்த்துத் தட்டினால் தானாகக் கழன்று விழுகிறது. வாயின் சூடு 34 டிகிரியைவிடச் சற்று அதிகம் என்பதால் நாக்கில் வைத்ததும் கரையவும் செய்கிறது. கையில் முறியும் குணமும் வாயில் கரையும் குணமும் இந்த ஒரே படிகத்திலிருந்து வருபவை.

சும்மா உருக்கி ஆறவைத்தால் இது கிடைக்காது. நான்காவது வகையும் மற்ற வகைகளும் கலந்தே உறையும். வேண்டியதை மட்டும் வளர்த்தெடுக்கும் வேலைக்குத்தான் டெம்பரிங் என்று பெயர். வீட்டில் செய்து பார்க்க 300 கிராம் டார்க் சாக்லேட் போதும். 200 கிராமை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து 45 முதல் 50 டிகிரி வரை உருக்க வேண்டும். பழைய படிகம் எதுவும் மிஞ்சாமல் அழிவதற்கு அந்தச் சூடு தேவை. பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, மீதி 100 கிராமைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளற வேண்டும். கடையில் வாங்கிய நல்ல சாக்லேட் ஏற்கெனவே ஐந்தாவது வகைப் படிகத்தில் இருப்பதால், இந்தத் துண்டுகள்தான் விதை. மற்றது அதைப் பார்த்து அதே அடுக்கில் சேர்கிறது. 31, 32 டிகிரிக்கு வந்ததும் நிறுத்தலாம். மில்க் சாக்லேட் என்றால் இரண்டு டிகிரி குறைவாக. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விழக்கூடாது. விழுந்தால் சர்க்கரை ஈரமாகி ஒட்டிக்கொண்டு மொத்தமும் கெட்டிக்கூழாகிவிடும்.

சரியாக வந்ததா என்று பார்க்கக் கத்தி நுனியை முக்கி எடுத்து வைத்தால் போதும். 20 டிகிரி அறையில் ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்பாக உறைந்தால் சரி. கோடுகோடாக, மங்கலாக, தொட்டால் ஒட்டிக்கொண்டு இருந்தால் மறுபடி உருக்கி ஆரம்பிக்க வேண்டியதுதான். ஏசி இல்லாத சென்னைச் சமையலறையில் கோடையில் இதைச் செய்ய முடியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டுச் சாக்லேட் செய்கிறவர்களுக்கு அந்த ஊர்க் குளிரே பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது.

இனி அடுக்கு வைத்த பாருக்கு வருவோம். கிட்கேட்டை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் யார்க் நகரில் ரவுன்ட்ரீ நிறுவனம் 1935-ல் வேறொரு பெயரில் விற்கத் தொடங்கிய பண்டம் இது; 1937-ல் இப்போதைய பெயர் சேர்ந்தது. 1988-ல் நெஸ்லே அந்த நிறுவனத்தை வாங்கியது. ஒரு விரலை முறித்துக் குறுக்குவெட்டைப் பார்த்தால் மூன்று வேஃபர் தகடுகள், அவற்றுக்கிடையே மெல்லிய க்ரீம், சுற்றிலும் சாக்லேட் உறை தெரியும். அந்த க்ரீமில், தொழிற்சாலையிலேயே உடைந்தும் வடிவம் கெட்டும் ஒதுக்கப்பட்ட கிட்கேட்களையும் அரைத்துச் சேர்க்கிறார்கள்.

இந்த அடுக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. வேஃபர் மொறுமொறுவென்று இருக்கக் காரணம் அதில் தண்ணீர் ஏறக்குறைய இல்லாததுதான். சில சதவீதம் ஈரம் ஏறினாலே நமுத்துவிடும். க்ரீமில் இருக்கும் இளகிய கொழுப்போ மெல்ல வெளியே கசிந்து சாக்லேட் உறைக்குள் புகும். உறை மென்மையாகும், முறியும் சத்தம் அடங்கும். பருப்பு வைத்த சாக்லேட்டிலும் பருப்பின் எண்ணெய் இதையே செய்கிறது. சூடு கூடினால் கசிவும் கூடும்.

பார் மீது சுற்றிய வெள்ளித்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியத் தாள் வெளிச்சத்தையும் பக்கத்துப் பொருளின் வாசனையையும் நன்றாகத் தடுக்கும். சாக்லேட்டின் கொழுப்பு வாசனையைச் சட்டென்று உறிஞ்சும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. சோப்புக்குப் பக்கத்தில் வைத்த சாக்லேட் சோப்பாகவே மணக்கும். ஆனால் எவ்வளவு நேர்த்தியாக மடித்தாலும் மடிப்பின் இடுக்கில் காற்று போய்வரும். வெறும் சாக்லேட்டுக்கு அது பெரிதில்லை, வேஃபருக்கு ஆபத்து. இங்கிலாந்தில் 2001-ல் கிட்கேட்டின் வெள்ளித்தாளையும் காகிதப் பட்டையையும் எடுத்துவிட்டு இரு முனையும் ஒட்டிய உறைக்கு மாறினார்கள். வெள்ளித்தாள் மேலேயே நகத்தால் கீறி முறிக்கும் சுகம் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும் வேஃபரைக் காப்பதில் ஒட்டிய உறையே மேல்.

எந்த உறையும் சூட்டைத் தடுக்காது. மே மாதம் வேலூரிலோ திருச்சியிலோ பகலில் 40 டிகிரி அடிக்கும்போது பெட்டிக்கடையில் தொங்கும் பார் உறைக்குள்ளேயே உருகும். இரவில் மறுபடி உறையும். அந்த முறை விதை போட்டுக் கிளற யாருமில்லை. ஆகவே தாறுமாறாகப் படிகம் கட்டி, பளபளப்புப் போய், மேலே சாம்பல் நிறத் திட்டுகள் தோன்றும். பலர் இதைப் பூஞ்சை என்று நினைத்துத் தூக்கி எறிகிறார்கள். அது வெளியே வந்து உறைந்த கொழுப்பு. விரலால் தேய்த்தால் உருகி மறையும், சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. தேய்த்தும் மறையாமல் சொரசொரவென்று இருந்தால் அது சர்க்கரை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பிரித்த சாக்லேட்டின்மேல் காற்றின் ஈரம் முத்துமுத்தாகப் படிந்து, மேற்பரப்புச் சர்க்கரையைக் கரைத்துக் காய்ந்ததன் தடம்.

நம் ஊர் வெயிலில் ஃபிரிட்ஜைத் தவிர்க்க முடியாது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்து, வெளியே எடுத்தபின் டப்பாவைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டால் ஈரம் டப்பாவின்மேல் படியும், சாக்லேட் தப்பிக்கும். சாம்பல் பூத்த வெறும் சாக்லேட் பாரை மறுபடி உருக்கி, நல்ல சாக்லேட்டை விதையாகப் போட்டு, பழையபடி ‘டக்’கென்று முறிய வைத்துவிடலாம். வேஃபர் பாருக்கு அந்த வழி கிடையாது. உறை உருகிக் கெட்டு, உள்ளே தகடும் நமுத்துவிட்டால் பொடித்து ஐஸ்க்ரீமில் கலக்கத்தான் ஆகும்.