பயந்தவரும் சிரிக்க ஒரு பேய்ப்படம்

பேய்ப்படம் பிடிக்காது என்பவரிடம், எது பிடிக்காது என்று கேட்டுவிட்டுப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். சிலருக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது, சிலருக்கு ரத்தம்.

2011-இல் வந்த ‘காஞ்சனா’வையே பாருங்கள். முதல் பாதியில் பேய்க்குப் பயந்து அம்மா கோவை சரளாவை ஒட்டிக்கொண்டு திரிகிறார் லாரன்ஸ். திரையில் ஒருவர் நம்மைவிட அதிகமாக நடுங்கும்போது நம் பயம் சிரிப்பாகிவிடும். சத்தத்துக்குப் பயப்படுபவர் ஒலியைக் குறைத்துக்கொண்டால் போதும், தாங்கிவிடுவார். சரத்குமார் வரும் பின்கதை அப்படியல்ல. அங்கே பேயைவிட மனிதர்கள் செய்யும் கொலைதான் கலங்கடிக்கும். ரத்தம் ஆகாதவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கதை தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம், பேய்ப்படத்தில் அது பெரிய நஷ்டமில்லை!

அவருக்கு 2023-இல் வந்த சந்தானத்தின் ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ பொருந்தலாம். பங்களாவுக்குள் பேய்கள் விளையாட்டு நடத்துகின்றன. தோற்றால் உயிர் போகும். விதி முன்பே தெரிவதால், அடுத்து என்னவோ என்ற கலக்கம் குறைகிறது. பேய் ரசிகர்களுக்கு இது சற்றுச் சப்பென்றிருக்கும். அவர்களுக்காக விளக்கை அணைத்துவிடலாம், மற்றவர்கள் சம்மதித்தால்.